கரையில் நின்ற பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரே இரவைப் பற்றி இரண்டு பேர் இரண்டு கனவு காண்கிறார்கள். ஒருவர் என் மனைவியின் உம்மா. மற்றவர் என் மனைவி. மாமியின் கனவில் அவர் படகில் இருக்கிறார், படகு கரையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அவருடைய பிள்ளை ஒன்று மணலில் நிற்கிறது. மனைவியின் கனவில் அதே படகுதான் போகிறது. ஆனால் மணலில் நிற்பது அவள். படகில் உள்ளவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உண்மையில் அந்த இரவு எந்தப் பிள்ளையும் கரையில் விடுபடவில்லை. நடக்காத ஒன்றை இரண்டு பேரும் முப்பத்தைந்து வருடங்களாகக் கனவு காண்கிறார்கள். இது எப்படி என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்த சரித்திரம். யாழ்ப்பாணத்து மக்களை ஒக்டோபர் 30 ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, 2 மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி சொன்னார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்களுக்குச் சில நாள் தவணை கிடைத்தது. அவர்களில் பலர் கடல் வழியாகப் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். வடக்கில் இருந்து அப்படி வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் எங்கள் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். எனக்கு அப்போது 9 வயது. எங்கள் வகுப்பில் மூன்று பேர் இருந்த வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். புதிதாக வந்த பிள்ளைகள் பாடசாலை விட்டதும் ஓடமாட்டார்கள். கேற்றடியில் நின்று, தங்கள் வீட்டார் யாராவது கண்ணில் பட்ட பிறகுதான் நகர்வார்கள். அது ஏன் என்று அந்த வயதில் எங்களுக்கு விளங்கவில்லை.

மாமி வந்தது மன்னாரில் இருந்து. அந்தக் கதையை அவர் சொல்லும்போது எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார். "அஞ்சு பிள்ளைகள். இருட்டுக்குள்ள ஒவ்வொண்டாத் தூக்கிக் குடுத்தன். படகு வெளிக்கிட்ட பிறகு தலையத் தடவி எண்ணினா நாலுதான் வந்திச்சு." அந்த இடத்தில் அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அது 6 வயதாக இருந்த என் மனைவியின் பெயர். பிள்ளையோ படகுக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால், தூங்கிக்கொண்டிருந்தது. உம்மாவின் கத்தலில்தான் அது விழித்தது. சுற்றிலும் இருட்டும் தண்ணீரும். யாரோ தன் பெயரைச் சொல்லி அழுகிறார்கள், 'விட்டுட்டு வந்துட்டமே' என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நான் விடப்பட்டவள்.

கனவு நடந்ததைப் படம் பிடித்து வைப்பதில்லை. அந்த நேரத்து உணர்ச்சியைத்தான் அது வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் ஒரு காட்சியைத் தானே கட்டிக்கொள்கிறது. கடலோரத்துக்காரருக்கு அது படகு. நான் சிறு வயதில் கண்டது புத்தளம் ரயில் நிலையம். வாப்பாவும் உம்மாவும் காக்காவும் பெட்டிக்குள் இருப்பார்கள், எல்லாருடைய டிக்கெட்டும் என் கையில் இருக்கும், ரயில் நகரும். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தபோது இருந்த ஆறு பேரில் நாலு பேர் இதைக் கண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கந்தூரிக் கூட்டம், ஒருவருக்கு கொழும்பு பஸ் நிலையம், இன்னொருவருக்குக் கல்யாண வீடு. இடம்தான் வேறு. ஒன்று மட்டும் எல்லாக் கனவிலும் இருந்தது. போகிறவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. நம்மை எண்ணிப் பார்க்காமல் போகிறார்கள். 'ஒருவர் குறைகிறாரே' என்று யாருக்கும் தோன்றவில்லை. அதில்தான் இருக்கிறது அந்தக் கனவின் முள்.

வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் ஆசிரியராக இருப்பவனுக்கு இந்தக் கனவு பழைய சரித்திரம் மட்டும் அல்ல. பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குப் போகும் உம்மாமார் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அந்தப் பிள்ளைக்குக் கல் வீடும் கொப்பியும் வருகின்றன. நான் பார்ப்பது அவர்கள் போகும் விதத்தை. வேன் இரவு ஒரு மணிக்கு வரும். பிள்ளை தூங்கும். "எழுப்பினா அழுவான், அப்படியே போங்க" என்று வீட்டார் சொல்வார்கள். உம்மா நெற்றியில் முத்தமிட்டுவிட்டு கட்டுநாயக்கவுக்குப் புறப்படுவா. காலையில் கேட்டால் கடைக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். எல்லாம் பிள்ளையின் மேல் உள்ள இரக்கத்தால்தான். ஆனால் அந்தப் பிள்ளை அன்று படிக்கும் பாடம் வேறு. தூங்கினால் உம்மா போய்விடுவா.

நான்காம் தரத்தில் எனக்கு அப்படி ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய உம்மா போய் ஒரு மாதம் இருக்கும். இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பான். திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி. அநுராதபுரத்துக்குச் சுற்றுலா என்று சொன்ன அன்று, வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். சித்திர பாடத்தில் எல்லாரும் வீடும் தென்னையும் வரைந்தபோது அவன் ஒரு பஸ் வரைந்தான். ஜன்னல்களில் முகங்கள் இருந்தன, கண்கள் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு புள்ளி. "இது யாரு மகன்?" என்றேன். "நான் சேர்" என்றான்.

வீட்டுக்குப் போய் அவனுடைய உம்மும்மாவிடம் கேட்டேன். சுபஹுக்குச் சற்று முன் எழுந்து அழுகிறான், வாசல் கதவைப் போய்ப் பார்க்கிறான் என்றார். எந்த நேரம் என்பதை நான் குறிப்பாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. தூங்கி ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அலறி எழும் பிள்ளைகளும் உண்டு. அது ஆழ்ந்த உறக்கத்தில் வரும் திடுக்கம். நாம் பேசினாலும் அந்தப் பிள்ளைக்குக் கேட்காது, காலையில் எதுவும் ஞாபகமும் இராது. அதைத் தட்டித் திரும்பப் படுக்க வைத்தால் போதும். துயரக் கனவோ இரவின் பின் பாதியில், விடியலை ஒட்டி வரும். கனவு உறக்கம் அந்த நேரத்தில்தான் நீளும். பிள்ளை முழுதாக விழிக்கும், கண்டதைச் சொல்லும், திரும்பத் தூங்கப் பயப்படும். இவனுடையது இரண்டாவது வகை.

கலாசாலையில் உளவியல் பாடத்தில் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய வைத்தியரின் பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேன். இந்தப் பையனுக்குப் பிறகுதான் அவரைத் தேடி வாசித்தேன். அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் ரொபர்ட்சன் 1952 இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். லோரா என்ற இரண்டரை வயதுக்குச் சற்றுக் குறைந்த சிறுமி ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்காக 8 நாள் வைத்தியசாலையில் இருந்ததை அது காட்டுகிறது. பெற்றார் கூடத் தங்க அந்தக் காலத்தில் அனுமதி இல்லை. அவள் பெரிதாக அழவில்லை, அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கத்தைத்தான் நாம் 'பிள்ளை பழகிவிட்டது' என்று சொல்கிறோம். உம்மாவைப் பிரிந்த சிறு பிள்ளை முதலில் அழுது போராடும், பிறகு சோர்ந்து போகும், கடைசியில் விலகி நிற்கும் என்று இவர்கள் கண்டார்கள். விலகி நிற்பதை ஆறிவிட்டதாக எடுக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது.

நான் மூன்று காரியங்கள் செய்தேன். முதலாவது, உண்மையைச் சொல்ல வைத்தது. உம்மா எங்கே இருக்கிறா, எதற்குப் போனா, எத்தனை மாதம் என்று உம்மும்மாவே அவனை இருத்தி வைத்துச் சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு கொப்பி மட்டையில் 24 கட்டம் கீறி, மாதம் முடிய ஒரு கட்டத்துக்கு நிறம் தீட்டச் சொன்னேன். இரண்டாவது, தொலைபேசி. உம்மா ஒரு வாரம் மூன்று தடவை பேசுவா, அடுத்த வாரம் ஒரு தடவையும் இல்லை. நான் கேட்டது, குறைவாக ஆனாலும் ஒரே நேரத்தில் பேசும்படி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்று முடிவானது. பேச முடியாத வாரம் என்றால் முதல் நாளே செய்தி அனுப்ப வேண்டும். வராத அழைப்பைக் காத்திருப்பது அந்த வேனைத் திரும்பத் திரும்ப அனுப்பி வைப்பது போன்றது.

மூன்றாவது அந்தக் கனவு. இதற்கு உம்மும்மா இணங்கவில்லை. "கெட்ட கனவ வெளியில சொல்லக் கூடாது தம்பி, ஹதீஸ்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. கெட்ட கனவு கண்டால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, இடது பக்கம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, மறுபக்கம் திரும்பிப் படுக்கவும், அதை யாரிடமும் சொல்லாதிருக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு பள்ளி மௌலவியிடம் போனேன். அவர் இன்னொரு ஹதீஸை எடுத்துச் சொன்னார். கனவு மூன்று வகை. அல்லாஹ்விடம் இருந்து வரும் நற்செய்தி ஒன்று, ஷைத்தான் தரும் துயரம் ஒன்று, மனிதன் தன் மனதோடு பேசிக்கொள்வது ஒன்று. "சகுனமாக எடுத்துப் பலன் கேட்டு அலைவதுதான் கெடுதல். பிள்ளை தன் பயத்தை தனக்கு வேண்டியவர்களிடம் சொல்வது பலன் கேட்பது ஆகாது" என்றார். உம்மும்மா சம்மதித்தார். இரவில் அவன் விழித்தால் அந்த ஸுன்னத்துகளை அவர் செய்விப்பார். பகலில் நான் படத்தை எடுப்பேன்.

செய்த முறை எளியது. அமெரிக்க வைத்தியர் பாரி கிராக்கோவும் அவருடன் இருந்தவர்களும், கொடுமைக்கு ஆளான பெண்களிடம் இதைச் செய்து பார்த்து 2001 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விழிப்பில் இருக்கும்போது அந்தக் கனவை எடுத்து, அதில் எதையாவது தான் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவை ஒவ்வொரு நாளும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பழைய கனவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதில்லை. மாற்றம் என்ன என்பதைக் காண்பவரே தீர்மானிக்க வேண்டும்.

பஸ்ஸைத் திரும்பி வர வைப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் அப்படிச் செய்யவில்லை. பஸ்ஸின் வாசலில் ஒரு கொண்டக்டரை வரைந்தான். கொண்டக்டர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறார். ஒன்று குறைகிறது. "ஹோல்ட் ஓன்!" என்று கத்திப் பலகையில் அடிக்கிறார். பஸ் நிற்கிறது. அவ்வளவுதான். அவன் ஏறுவதைக்கூட வரையவில்லை. ஒருவர் எண்ணிப் பார்த்தது அவனுக்குப் போதுமாக இருந்தது. இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பான்.

ஆறேழு வாரத்தில் விடியலழுகை வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. உம்மா சொல்லாமல் இரண்டு வெள்ளிக்கிழமை பேசாமல் விட்டபோது பழையபடி வந்தது, அழைப்பு ஒழுங்கானதும் போனது. இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பிரிவுப் பயமும் பிரிவைப் பற்றிய கனவும் 4 வாரத்துக்கு மேல் நீடித்து, பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்து, தனியே தூங்க மறுத்து, உடம்பு வலியென்று சொல்லிக்கொண்டும் இருந்தால் அது வாத்தியார் வேலையைத் தாண்டியது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். எங்கள் ஊர்களில் அங்கே போக வெட்கப்படுகிறார்கள். வயிற்றுவலிக்கு நாலு தடவை மருந்து எடுக்க வெட்கப்படாதவர்கள் இதற்கும் வெட்கப்படத் தேவையில்லை.

பையனின் கொண்டக்டர் என்னை மாமியின் கதைக்குத் திருப்பினார். அந்தக் கதையை முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறோம். 'நாலுதான் வந்திச்சு' என்ற இடத்தில் மாமி அழுதுவிடுவார், கதை அங்கேயே நின்றுவிடும். ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "அதுக்குப் பிறகு என்ன மாமி நடந்தது?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். படகோட்டி விளக்கைத் திருப்பிப் பிடித்தாராம். மூட்டைக்குப் பின்னால் கால் தெரிந்ததாம். "தூக்கி மடியில வச்சன். கற்பிட்டி வருமட்டும் இறக்கவே இல்ல. மற்ற நாலும் என்ன செஞ்சுதுகள் எண்டுகூட எனக்குத் தெரியா." என் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விடியும்வரை தான் உம்மாவின் மடியில் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அறிந்தாள். கனவு இப்போதும் சில வேளை வருகிறது. ஆனால் எழுந்து கதவைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். மாமியோ இன்னும் பிள்ளைகளை எண்ணிவிட்டுத்தான் படுக்கிறார். எழுபது வயதில் அவர் எண்ணுவது பேரப்பிள்ளைகளை.

கூட்டத்தில் விடுபடுவதைப் பற்றி நம்மிடம் உள்ள பெரிய வரலாறு ஆயிஷா (ரலி) அவர்களுடையது. பனூ முஸ்தலிக் போரில் இருந்து திரும்பும் வழியில், தேவைக்காக ஒதுங்கிப் போனவர்கள், அறுந்து விழுந்த மாலையைத் தேடித் தாமதித்தார்கள். சிவிகையைத் தூக்கி ஒட்டகத்தில் வைத்தவர்கள், அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். மெலிந்த இளம் பெண் என்பதால் பாரக் குறைவு தெரியவில்லை. திரும்பி வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. அதன்பின் எழுந்த அவதூறைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அதற்கு முன்னால் அவர்கள் செய்ததை எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். அவர்கள் பதறி எங்கும் ஓடவில்லை. நான் இல்லை என்று தெரிந்ததும் தேடி இங்கேதான் வருவார்கள் என்று எண்ணி, இருந்த இடத்திலேயே இருந்தார்கள். உறக்கம்கூட வந்தது. படைக்குப் பின்னால் தங்கி வந்த ஸஃப்வான் (ரலி) அவர்களைக் கண்டு ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்.

எங்கள் பாடசாலைச் சுற்றுலாவில் இரண்டு விதி அதிலிருந்து வந்தவை. தவறிப்போன பிள்ளை கடைசியாக எங்களுடன் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஓர் ஆசிரியர் எப்போதும் எல்லாருக்கும் பின்னால்தான் வர வேண்டும். பஸ் புறப்பட முன் தலையைத் தொட்டு, எண்ணைச் சத்தமாகச் சொல்லித்தான் எண்ணுவோம். எண்ணப்படுவதைப் பிள்ளை தன் காதால் கேட்க வேண்டும். அடுத்த வருட சுற்றுலாவுக்கு அந்தப் பையன் வந்தான். எண்ணும் வேலையை அவனே கேட்டு வாங்கினான்.

அவனுடைய 24 ஆம் கட்டம் நிறமான மாதம் உம்மா வந்தா. வருவதற்கு முன்பே உம்மும்மா மூலம் ஒரு செய்தி சொல்லியிருந்தேன். பையன் ஓடி வந்து கட்டிப்பிடிக்காமல் இருக்கலாம், முகத்தைத் திருப்பலாம், அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், பரிசுப் பொருளைக் கொடுத்து இழுக்கவும் வேண்டாம் என்று. அப்படியேதான் நடந்தது. முதல் இரண்டு நாள் அவன் உம்மும்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். மூன்றாம் நாள் பின்நேரம் உம்மா சந்திக் கடைக்குப் போக அபாயாவை எடுத்தபோது வாசலில் வந்து நின்று கேட்டிருக்கிறான்.

"எத்தன மணிக்கு வருவீங்க?"

அஞ்சரைக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். அஞ்சு இருபதுக்குத் திரும்பி வந்தாராம்.